கொசுவத்தி, லிக்விட், க்ரீம்: குழந்தை தூங்கும் அறைக்கு எது, எவ்வளவு?

கொசுவத்தியில் கொசுவை விழச் செய்வது புகை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதனால்தான் புகை கெட்டியாக வந்தால் ‘நல்ல வத்தி’ என்று பெயர் வாங்குகிறது. கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் ஒரு கொசுவத்தி ஆலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். மரத்தூள், தேங்காய் ஓட்டுத் தூள், ஒட்டிக்கொள்ள ஜிகட் என்ற மரப்பட்டை மாவும் ஸ்டார்ச்சும், கொஞ்சம் பச்சைச் சாயம். இவற்றைச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்து, தகடாக இழுத்து, அச்சில் வெட்டிக் காயவைத்தால் வத்தி. அதில் பூச்சிமருந்து இருப்பது துளியூண்டுதான். அந்த மருந்து எரிவதும் இல்லை. கங்கு கனலும் நுனிக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், சூடேறிய இடத்திலிருந்து ஆவியாகி வெளியே வருகிறது. கொசு விழுவது அந்த ஆவியால். புகை என்பது மரத்தூள் எரிவதால் வருவது. அடுப்பில் விறகு எரிந்தால் என்ன வருமோ அதேதான்.

இதை முதலில் சொல்லக் காரணம், கடையில் இருக்கும் மூன்று வகையையும் ஒப்பிட இதுதான் சாவி. மருந்து எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த மருந்தோடு கூட வேறு என்ன என்ன அறைக்குள் வருகிறது என்பது இன்னொரு கேள்வி. குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம் என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டுச் சமையல் தராசில் ஒரு வத்தியை வைத்தால் சுமார் 12 கிராம் காட்டுகிறது. அட்டையில் ‘டி-டிரான்ஸ் அலெத்ரின் 0.1%’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒரு வத்தியில் மருந்து 12 மில்லிகிராம். எட்டு மணி நேரத்தில் அது எரிந்து முடியும்.

இப்போது லிக்விட். நாங்கள் வாங்கும் பாட்டில் 45 மில்லி, டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 1.6%. ராத்திரிக்கு 8 மணி நேரம் வீதம் 45 ராத்திரிக்கு வரும் என்று போட்டிருக்கிறது. அந்தத் திரவம் தண்ணீரைவிட லேசானது, 45 மில்லி சுமார் 35 கிராம் இருக்கும். அதில் 1.6% என்றால் 560 மில்லிகிராம் மருந்து. 45 ராத்திரிக்குப் பிரித்தால் ராத்திரிக்கு 12 மில்லிகிராம் சொச்சம்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. இரண்டுமே பைரெத்ராய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்து. செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பைரெத்ரத்தைப் பார்த்து ஆலையில் செய்தவை. கொசுவின் நரம்பைத் தாக்கி விழவைக்கும். மனித உடம்பு இதை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அந்த வேகம் குறைவு. (டிரான்ஸ்ஃப்ளூத்ரின் கொசு மேல் இன்னும் வலுவாக வேலை செய்யும், அதனால் அதைச் சேர்த்த வத்திகளில் சதவீதம் இன்னும் குறைவாக இருக்கும். அட்டையைப் பார்த்தால் தெரியும்.)

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? வத்தியில் அந்த 12 மில்லிகிராம் மருந்தை வெளியே கொண்டுவர 12 கிராம் மரத்தூளை அறைக்குள் எரிக்கிறோம். மருந்தைப் போல ஆயிரம் மடங்கு. லிக்விடில் அதே அளவு மருந்தைக் கொண்டுவர ஒரு மில்லி எண்ணெயை ஆவியாக்குகிறோம். அந்த எண்ணெய் வாசனை நீக்கிய மண்ணெண்ணெய் வகை, கூடக் கொஞ்சம் சென்ட்.

வத்திப் புகையை அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற வத்திகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. நுரையீரலின் அடி வரை போகக்கூடிய நுண்துகளை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு வத்தி 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். ‘ஒரு வத்தி நூறு சிகரெட்’ என்று வாட்ஸப்பில் சுற்றுவது இந்த மாதிரி அளவீடுகளிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். நூறு சிகரெட்டின் நிக்கோடின் இதில் இல்லை. துகளின் எடையைத்தான் ஒப்பிட்டார்கள். ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு 51 சிகரெட் அளவு வரை வந்தது. வீசிங் உள்ள குழந்தைக்கு இந்த இரண்டுமே போதும்.

எங்கள் பெரியவனுக்கு நாலு வயது, சளி பிடித்தால் வீசிங் வரும். சின்னவளுக்கு ஆறு மாதம். இருப்பது வேளச்சேரியில், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். கொசுவைப் பற்றி இதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை. கூடவே என் மாமியார். அவர் வந்த கடலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் வத்தியும் ஏற்றிவிடுவார்கள். லிக்விட் மெஷினைப் பார்த்து, “ஏம்மா, இதுல புகையும் காணோம் ஒண்ணும் காணோம். இதுக்குப் போயி கொசு சாவுமா?” என்றார்.

“புகைக்குச் சாவுறதில்ல அத்தை. அதுக்குள்ள இருக்குற மருந்துக்குத்தான். அதே மாதிரி மருந்துதான் இதுலயும்.”

நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் மெஷினுக்குக் கீழே தரையில் விழுந்துகிடந்த கொசுக்களை விளக்குமாற்றால் கூட்டி அள்ளியபோதுதான் அரைமனதாகச் சம்மதித்தார். இப்போது அவருக்கும் வத்திக்கும் ஒரு ஒப்பந்தம்: வீட்டுக்குள் கிடையாது, வாசல் பக்கம் உண்டு. அவர் வாசலில் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு முழு வத்தி எதற்கு? எட்டு மணி நேரத்துக்கு ஒரு வத்தி என்றால், உடைத்து எடுத்த கால் வத்தி இரண்டு மணி நேரம் வரும். காற்று வரும் திசையில், காலடி உயரத்தில் வைத்தால் ஆவி ஆள் இருக்கும் பக்கம் நகரும். தலைக்கு மேலே ஜன்னல் திட்டில் வைத்தால் புகைதான் மிச்சம். வத்தியை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவார். அந்தப் பழக்கம் அவராகவே பிடித்துக்கொண்டது.

லிக்விட் என்றால் கவலை இல்லை என்று அர்த்தமில்லை. புகை இல்லாததால் வரும் தைரியம்தான் அதன் பெரிய பிரச்சினை. புகை வந்தால் கண் எரியும், ஜன்னலைத் திறப்போம். லிக்விடில் கண் எரியாது. ராத்திரி முழுக்க மூடிய அறையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்ப்ளிட் ஏசி போட்ட அறையில் இது இன்னும் மோசம். ஏசி ஓடினால் காற்று மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, உள்ளே இருக்கும் காற்றையே குளிராக்கித் திரும்ப ஊதுகிறது. நாம் விடும் மூச்சு, லிக்விடின் ஆவி, எண்ணெய் ஆவி எல்லாம் அதே அறையில் சுற்றும். பாட்டில் அட்டையில் பொடி எழுத்தில் ‘காற்றோட்டமான அறையில் பயன்படுத்தவும்’ என்று இருப்பதை யாரும் படிப்பதில்லை. படித்தாலும், ஜன்னலைத் திறந்தால் கொசு வருமே என்ற கேள்வி வரும்.

அதற்குப் பதில் கொசுவலை அடித்த ஜன்னல். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. ஒரே ஜன்னல். அதற்கு வெல்க்ரோ ஒட்டி நைலான் வலை போட ஆன செலவு சில மாதத்து லிக்விட் பாட்டில் காசுதான். வலை போட்ட பிறகு ஜன்னல் ராத்திரி முழுக்கத் திறந்தே இருக்கிறது. ஏசி போடும் மாதங்களில் மட்டும் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைப்போம். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

எங்கள் வீட்டு ஒழுங்கைச் சொல்கிறேன். சாயங்காலம் வெயில் சாய ஆரம்பித்ததும் படுக்கையறை ஜன்னல், கதவு இரண்டையும் சாத்திவிட்டு மெஷினைப் போடுவேன். அப்போது அறையில் ஆள் யாரும் இல்லை. திரி சூடாகி ஆவி பரவி அறையில் நிலைக்க அரை மணி நேரமாவது ஆகும், அதனால் ஒரு மணி நேரம் விடுவேன். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில் ஒளிந்திருப்பவை அதற்குள் விழுந்துவிடும், இல்லை கிறங்கிவிடும். அப்புறம் மெஷினை அணைத்து, வலை போட்ட ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் பெரிதாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம். குழந்தைகள் உள்ளே வரும்போது மணம் பெரும்பாலும் போயிருக்கும். சின்னவள் தொட்டிலுக்கு மேலே கொசுவலை, ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகியிருக்கும். ராத்திரி மெஷின் ஓடாது. கொசு அதிகமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் பெரியவர்கள் படுக்கும் ஹாலில் ஓடும்.

ஃபேனைச் சும்மா சொல்லவில்லை. கொசு ரொம்பப் பலவீனமாகப் பறக்கும் பிராணி. ஃபேன் காற்று நேராகப் படும் இடத்தில் அதனால் நின்று கடிக்க முடியாது. நாம் விடும் மூச்சை மோப்பம் பிடித்து வருவதும் காற்றில் கலைந்துபோகும். மருந்தே இல்லாமல் கிடைக்கும் பாதி வேலை அது.

காற்றோட்டம் போதவில்லை என்று எப்படித் தெரியும்? காலையில் எழுந்ததும் மூக்கை நம்பக்கூடாது, அது ராத்திரி முழுக்கப் பழகியிருக்கும். வெளியே போய்ப் பல் தேய்த்துவிட்டுத் திரும்ப அறைக்குள் நுழையுங்கள். வாசலிலேயே மெஷின் மணம் முகத்தில் அடித்தால் ராத்திரி அறை மூடிக் கிடந்தது என்று அர்த்தம். காலையில் மட்டும் வரும் தும்மல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, குழந்தைக்குக் கண் ஓரம் சிவப்பது, இவையும் குறிப்புகள். ஊருக்குப் போன நாட்களில் இவை இல்லாமல், வீட்டுக்கு வந்ததும் திரும்பினால் சந்தேகமே வேண்டாம். மீன் தொட்டி இருக்கும் வீட்டில் தொட்டியை மூடி, காற்று பம்ப்பை அணைத்துவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும், அல்லது அந்த அறையில் போடவே கூடாது. பைரெத்ராய்டு மீனுக்குக் கடும் விஷம். பூனைக்கும் ஆகாது, அதன் உடம்பால் இதைச் சீக்கிரம் கழிக்க முடியாது.

‘மெஷின் ஓடுது, கொசுவும் கடிக்குது’ என்ற புகாருக்கு முதலில் பாட்டிலைப் பாருங்கள். புதுப் பாட்டில் மாட்டும் அன்று திரவ மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுவது என் பழக்கம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி இறங்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம்தான் போடுகிறேன் என்பதால் எனக்கு எட்டு நாளைக்கு ஒரு மில்லி. பல நாள் ஆகியும் கோடு அசையவில்லை என்றால் திரி அடைத்திருக்கும். கழற்றிப் பார்த்தால் திரியின் தலை கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும். தூசியும் காய்ந்த சென்ட்டும் அது. விளக்கு எரிகிறதே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். மாறாக, மட்டம் மளமளவென்று இறங்கினால் மெஷின் அளவுக்கு மேல் சூடாகிறது, அல்லது பாட்டில் அந்த மெஷினுக்கு உரியதல்ல. ஒரு கம்பெனி பாட்டிலை இன்னொரு கம்பெனி மெஷினில் திருகினால் பல நேரம் பொருந்திவிடும். ஆனால் திரி நீளமும் சூடும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தவை. வெளியே வரும் அளவு மாறிவிடும்.

திரியும் சரி, மட்டமும் சரியாக இறங்குகிறது, அப்போதும் கொசு அசராமல் சுற்றுகிறதா? பைரெத்ராய்டுக்குப் பழகிப்போன கொசுக்கள் இந்தியாவில் பல ஊர்களில் இருக்கின்றன. அந்த இடத்தில் இன்னொரு மெஷின் வைப்பதால் குழந்தைக்குள் போவதுதான் இரட்டிப்பாகும். வலைக்குப் போய்விடுவது நல்லது.

காலியான பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும், இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் கற்பூரமும் கரைத்து ஊற்றி ‘இயற்கை லிக்விட்’ செய்யும் வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. செய்யாதீர்கள். என்ன சூட்டில் எது ஆவியாகும் என்று யாரும் அளந்து பார்க்காத கலவை அது. ராத்திரி முழுக்கச் சூடான மெஷினில் மண்ணெண்ணெய் இருப்பதே சரியில்லை. கற்பூரம் சின்னக் குழந்தை வாயில் போனால் வலிப்பு வரும், அதற்குக் கொஞ்சம் போதும். வேப்பெண்ணெயைக் கைவைத்தியமாகப் புகட்டியதால் குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் 1980-களில் மலேசியாவிலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மரத்திலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று குழந்தைக்குப் பாதுகாப்பாகிவிடாது.

தீ விஷயத்தை நாசூக்காகச் சொல்ல முடியாது. 2023 மார்ச் 31 அன்று டெல்லி சாஸ்திரி பார்க்கில் ஒரு வீட்டில் வத்தி மெத்தை மேல் விழுந்து, ஒரே குடும்பத்தில் ஆறு பேர் தூக்கத்திலேயே புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் சென்னை மணலிக்குப் பக்கத்தில் மாத்தூரில் லிக்விட் மெஷின் உருகி, கீழே இருந்த அட்டைப் பெட்டியில் பற்றி, அறை புகையால் நிறைந்து, ஒரு பாட்டியும் மூன்று பேத்திகளும் இறந்தார்கள். ஒன்று வத்தி, ஒன்று மெஷின். இரண்டிலும் உயிரைக் கொண்டுபோனது புகை. மெத்தையும் அட்டையும் கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குபவரை எழுப்பாது.

அதனால் வத்தி என்றால் தகரத் தாங்கியில் குத்தி, அதை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, சுற்றி ஒரு கை தூரத்துக்குத் துணி, பாய், பேப்பர் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைப்பது கூடவே கூடாது. மெஷின் என்றால் சுவரில் இருக்கும் பிளக்கில் நேராக, பாட்டில் நிமிர்ந்தபடி. தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் படுக்கைவசமாகச் செருகினால் திரவம் சூடான தட்டுக்கு வழியும். பிளக் ஆடினாலோ, மெஷினின் பிளாஸ்டிக் மஞ்சளாகி வளைந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். புது மெஷின் பெரிய விலை இல்லை. திரைச்சீலை அதன் மேல் உரசக்கூடாது, கீழே அட்டைப் பெட்டி, துணிக் குவியல் இருக்கக்கூடாது. குழந்தையின் தலைமாட்டிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கட்டும்.

இனி க்ரீம். மற்ற இரண்டும் அறையைப் பார்த்துக்கொள்கின்றன, க்ரீம் ஆளைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வித்தியாசம் பகலில்தான் தெரியும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலை வெயில் ஏறும் நேரமும், சாயங்காலம் பொழுது சாயும் முன்பும் அதன் சுறுசுறுப்பான வேளை. ராத்திரி மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும், சாயங்காலம் பார்க்கில் விளையாடும்போதும்தான் அது கணுக்காலைத் தேடி வரும்.

க்ரீமில் இருப்பது கொல்லும் மருந்து இல்லை. கொசுவுக்கு நம் வாசனை பிடிபடாமல் குழப்பும் பொருள். நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் க்ரீமில் டைஎத்தில் பென்ஸமைடு 12% இருக்கும். ஸ்ப்ரே, லோஷன்களில் டீட் அல்லது பிகாரிடின் (இகாரிடின் என்றும் போடுவார்கள்). சதவீதம் கூடினால் கொசு அதிகமாக ஓடும் என்று நினைப்பது தவறு, கூடுவது நேரம்தான். டீட் 10% என்றால் இரண்டு மணி நேரம் மாதிரி, 30% என்றால் ஐந்து மணி நேரம் மாதிரி தாங்கும். ஒரு மணி நேரம் பார்க்குக்குப் போகும் பிள்ளைக்கு 30% எதற்கு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லும் வரம்பு: இரண்டு மாதத்துக்குக் கீழே எந்த விரட்டியும் தடவக்கூடாது, குழந்தைகளுக்கு டீட் 30%-ஐத் தாண்டக்கூடாது. யூக்கலிப்டஸ் எலுமிச்சை எண்ணெய் என்று வருவதை மூன்று வயதுக்குக் கீழே தடவக்கூடாது. ‘மூலிகை’ என்ற எழுத்தைப் பார்த்து இதைத்தான் கைக்குழந்தைக்கு வாங்குகிறார்கள். நம் ஊர் க்ரீம்களில் வயது வரம்பு ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கும். அட்டையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் குழந்தை டாக்டரிடம் ட்யூபையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சின்னவளுக்கு நான் எதையும் தடவுவதில்லை. டீட் இரண்டு மாதத்துக்கு மேல் தடவலாம்தான். ஆனால் அவள் கையும் காலும் மாறி மாறி வாயில்தான் இருக்கின்றன. அவளுக்கு முழுக்கை பருத்திச் சட்டை, சாக்ஸ், தொட்டில் வலை. வெளியே போனால் ஸ்ட்ரோலருக்கு மேல் வலை. அவ்வளவுதான்.

பெரியவனுக்குத் தடவுவேன். முதல் தடவை முழங்கைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தேன், சிவக்கவில்லை. இப்போதெல்லாம் ஒரு கடலை அளவு என் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்து, அப்புறம்தான் அவன் மேல் தடவுவேன். கணுக்கால், கெண்டைக்கால், முழங்காலுக்குக் கீழே, கழுத்துக்குப் பின்னால், முழங்கைக்குக் கீழே. உள்ளங்கைக்கும் விரலுக்கும் கிடையாது. அது நேராகக் கண்ணுக்கும் வாய்க்கும் போகும். முகத்தில் காதோரம் மட்டும். சிராய்ப்பு, சொறி இருக்கும் இடத்தில் இல்லை. சட்டைக்கு உள்ளேயும் இல்லை; மூடிய தோலில் அது அதிகமாக உள்ளே இறங்கும், அங்கே கொசுவும் வராது. க்ரீம் தடவிய இடத்துக்குத்தான் காவல். இரண்டு விரல் தள்ளி விட்டுப்போன இடத்தில் கொசு கச்சிதமாக உட்கார்ந்து கடிக்கும். சாக்ஸ் விளிம்புக்கு மேலே வட்டமாகத் தடிப்பு வந்தால் அங்கே க்ரீம் போகவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

விளையாடி வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கட்டில். க்ரீமோடு தூங்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே வலை இருக்கும்போது ராத்திரி முழுக்கத் தோலில் அது ஊறிக்கிடக்க வேண்டிய தேவை என்ன?

சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர், கையில் மாட்டும் பேண்ட் பற்றிக் கேட்பார்கள். சிட்ரோனெல்லா மணம்தான் பெரும்பாலும். தோள்பட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரால் கணுக்காலைக் காக்க முடியாது.

அட்டையில் பதிவு எண் பார்ப்பது எனக்கு ஆலைக் காலத்துப் பழக்கம். வத்தியோ லிக்விடோ, மருந்தின் பெயர், சதவீதம், சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண், விஷமுறிவு மருந்து பற்றிய குறிப்பு, இவை அச்சாகியிருக்க வேண்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு இல்லாமல் விற்க முடியாது. ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் சந்தையிலும் கொசு ஊதுபத்தி என்று ஒன்று விற்கிறது. ‘மூலிகை’, ‘வேம்பு’ என்று அட்டை முழுக்க எழுதியிருக்கும், பதிவு எண் மட்டும் இருக்காது. ஏற்றினால் கொசு பொத்து பொத்தென்று விழும். வெறும் வேப்பிலைப் புகைக்கு அப்படி விழாது. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று தெரியாத பொருளைச் சாமி ஊதுபத்தி போலப் பூஜையறையில் ஏற்றி வைக்கிறார்கள்.

கடைசியாக, லிக்விட் பாட்டிலைக் குழந்தை குடித்துவிட்டால். மெஷினிலிருந்து கழற்றி விளையாடும் வயது ஒன்றரை முதல் மூன்று. பூ வாசனை அடிக்கும் சின்னக் குப்பி, கைக்கு அடக்கம். இங்கே மருந்தைவிட எண்ணெய்தான் உடனடி ஆபத்து. மண்ணெண்ணெய் மாதிரி இளக்கமான எண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட மூச்சுக்குழாயில் இறங்குவதுதான் கேடு. அங்கே கொஞ்சம் போனாலே நுரையீரல் வெந்து நிமோனியா ஆகும். அதனால்தான் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது. வாயில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், மோர் எதுவும் வேண்டாம். வாந்தி வந்தால் எண்ணெய் இரண்டாம் முறை தொண்டையைத் தாண்டும். வாயைத் துடைத்து, நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்த ஸ்கெட்ச் கோடு சொல்லும். குடித்தவுடன் இருமினாலோ, புரையேறினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ உள்ளே இறங்கியிருக்கலாம். வலிப்பு வந்தாலோ, அளவுக்கு மேல் தூங்கி வழிந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. நன்றாக விளையாடுகிறதே என்று திரும்பி வந்துவிடாதீர்கள். நெஞ்சுச் சிக்கல் சில மணி நேரம் கழித்தும் தெரியவரும் என்பதால் ஆஸ்பத்திரியில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் உபரி பாட்டில்கள் லாஃப்டில் இருக்கின்றன. மெஷினின் பிளக் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கேட்டது 350 ரூபாய்.